இரண்டு கோளங்கள் ஒன்றாகும் இடம்: ஷேடரில் மென்சேர்ப்பு

ஷேடரில் ஓர் உருவத்தை முக்கோணங்களாகச் சேமிக்காமல் ஒரு சார்பாகவே எழுதிவிடலாம். வெளியில் எந்தப் புள்ளியைக் கொடுத்தாலும், உருவத்தின் பரப்பு அங்கிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அந்தச் சார்பு சொல்லும். புள்ளி வெளியே இருந்தால் விடை நேர்மம், உள்ளே இருந்தால் எதிர்மம், பரப்பின் மேலேயே இருந்தால் பூச்சியம். இதற்குக் குறியுடைய தூரச் சார்பு என்று பெயர். ஒரு கோளத்துக்கு இது ஒரே வரியில் முடிந்துவிடும்: `length(p - c) - r`. இரண்டு உருவங்களைச் சேர்ப்பதும் எளிதுதான். இரண்டு தூரங்களில் எது சிறியதோ அதை எடுத்தால், அதாவது `min(a, b)` என்று எழுதினால், இரண்டும் ஒரே உருவமாகிவிடும்.

ஆனால் அந்தச் சேர்க்கையில் ஒரு வெட்டு தெரியும். இரண்டு தூரங்களும் சமமாகும் இடத்தில் சார்பு திடீரென்று ஒரு கோளத்தை விட்டு மற்றொன்றுக்குத் தாவுகிறது. அங்கே பரப்பில் கூர்மையான பள்ளம் விழுகிறது. நத்தையின் உடலிலோ கைவிரல் உள்ளங்கையோடு சேரும் இடத்திலோ அப்படி ஒரு கோடு இருப்பதில்லை. அந்தத் தாவலைக் கரைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் சார்பை `min` இருந்த இடத்தில் வைப்பதுதான் மென்சேர்ப்பு. எந்தச் சார்பை வைப்பது, எவ்வளவு தூரத்துக்கு அது கரைக்க வேண்டும், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பவையே இந்தக் கட்டுரை ஆராயும் கேள்விகள்.

கேள்வி பழையது. 1982-இல் ஜிம் பிளின், மூலக்கூறுகளில் எலக்ட்ரான் அடர்த்தி பரவியிருக்கும் விதத்தைப் பின்பற்றி ஒரு முறையை வெளியிட்டார். ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் மையத்தில் அதிகமாகவும் விலக விலகத் தேய்ந்தும் போகும் ஓர் அடுக்குக்குறிச் சார்பை வைத்து, எல்லாவற்றையும் கூட்டி, கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட அளவைத் தொடும் இடத்தைப் பரப்பு என்று கொண்டார். அருகருகே உள்ள அணுக்கள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதே பத்தாண்டில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் இதற்கு இணையான முறை மெட்டாபால் என்ற பெயரில் வளர்ந்தது. பிளினின் சார்பு எவ்வளவு தொலைவிலும் முற்றிலும் பூச்சியமாவதில்லை. அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் எல்லா அணுக்களையும் கணக்கிட்டாக வேண்டும். 1986-இல் வைவில் சகோதரர்களும் மெக்ஃபீட்டர்ஸும் வெளியிட்ட ஆய்வு, ஒரு குறிப்பிட்ட ஆரத்துக்கு அப்பால் பூச்சியமாகிவிடும் பல்லுறுப்புக் கோவையை அந்த இடத்தில் வைத்து இந்தச் சுமையைக் குறைத்தது. முடிவற்றுப் பரவும் சார்பிலிருந்து எல்லைக்குட்பட்ட சார்புக்கு நகர்ந்த இந்த நகர்வு பின்னர் ஷேடர் உலகில் இன்னொரு முறை நடந்தது.

பிளினின் கூட்டுத்தொகை பரப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லாது. 0.02 என்ற மதிப்பைப் பார்த்து இன்னும் எத்தனை அலகு நடக்கலாம் என்று முடிவுசெய்ய முடியாது. ஜான் ஹார்ட் 1996-இல் விளக்கிய கோளநடை முறைக்குத் தேவைப்படுவது அந்தத் தூரம்தான். கேமராவிலிருந்து ஒவ்வொரு பிக்சல் வழியாகவும் ஒரு கதிரை அனுப்புகிறோம். கதிர் நிற்கும் இடத்தில் சார்பைக் கேட்டால் 0.7 என்று வருகிறது. அப்படியானால் 0.7 அலகு ஆரமுள்ள கோளத்துக்குள் எந்தப் பரப்பும் இல்லை. அவ்வளவு தூரத்தையும் ஒரே அடியில் கடந்துவிடலாம். மதிப்பு 0.001 போன்ற ஒரு சிற்றளவுக்குக் கீழே வந்ததும் பரப்பைத் தொட்டதாகக் கொள்கிறோம். சார்பு உண்மைத் தூரத்தைவிடக் குறைத்துச் சொன்னால் பரவாயில்லை, அடிகள் கூடும், அவ்வளவுதான். கூட்டிச் சொன்னால் கதிர் பரப்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். திரையில் ஓட்டைகளும் புள்ளிகளும் தெரியும். மென்சேர்ப்புக்கு எந்தச் சார்பு வந்தாலும் இந்த நிபந்தனையை அது காப்பாற்ற வேண்டும்.

இனிகோ குய்லெஸும் போல் ஜெரெமியாஸும் 2013-இல் தொடங்கிய ஷேடர்டாயில் மென்சேர்ப்பு இன்று அன்றாடப் புழக்கத்தில் உள்ளது. குய்லெஸ் தம் கட்டுரைகளில் தொகுத்து விளக்கிய வடிவங்களில் மிகப் பரவலானது இருபடி வடிவம்:

```glsl
float smin(float a, float b, float k) {
    float h = max(k - abs(a - b), 0.0) / k;
    return min(a, b) - h*h*k*0.25;
}
```

இரண்டு தூரங்களுக்கிடையிலான வித்தியாசம் `k`-ஐவிட அதிகமாக இருந்தால் `h` பூச்சியம். சார்பு பழைய `min`-ஆகவே இருக்கும். வித்தியாசம் குறையக் குறைய `h` ஏறுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் அது 1 ஆகி, விடையிலிருந்து `k`-இன் கால் பங்கு கழிக்கப்படுகிறது. தூரத்திலிருந்து கழிப்பதென்றால் பரப்பை வெளியே தள்ளுவது என்று பொருள். பள்ளம் இருந்த இடத்தில் சதை பிடிக்கிறது.

இதை எண்களோடு பார்ப்போம். 1 அலகு ஆரமுள்ள இரண்டு கோளங்கள். மையங்களுக்கிடையே 3 அலகு. அப்படியானால் பரப்புகளுக்கிடையே 1 அலகு இடைவெளி இருக்கிறது. நட்ட நடுப்புள்ளியில் இரண்டு தூரங்களும் 0.5. மென்சேர்ப்பின் மதிப்பு அங்கே 0.5 − k/4. இது பூச்சியமாகும்போது கோளங்கள் தொட்டுக்கொள்ளும். அதற்கு `k` 2 ஆக வேண்டும். பொதுவாகச் சொன்னால், இடைவெளியின் இருமடங்கை `k` தாண்டியதும் இரண்டு உருவங்களும் ஒட்டிக்கொள்ளும். `k`-ஐ வெறும் 'மென்மை அளவு' என்று நினைத்துக் கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருகுகிறவர்கள் அதிகம். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் எது எதோடு ஒட்டும், எது ஒட்டாது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கலாம்.

தொட்ட பிறகு நடப்பதையும் பார்க்க வேண்டும். `k` 2.02 ஆனதும் இணைப்புக் கழுத்தின் ஆரம் ஏறத்தாழ 0.12. 2.1-இல் அது 0.27, 2.2-இல் 0.39. `k` நூற்றில் ஒரு பங்கு கூடியதற்குள் கழுத்து, கோளத்தின் ஆரத்தில் எட்டில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. காரணம், கழுத்தின் ஆரம் `k`-இன் மிகைக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. கிட்டத்தட்ட அதன் வர்க்கமூலத்தோடு வளர்கிறது. கோளங்களை மெல்ல நெருக்கினாலும் இதே நிலைதான். இரண்டு நீர்த்துளிகள் தொட்ட நொடியில் வெடுக்கென்று ஒன்றாவதுபோல் ஓர் அசைவு திரையில் தெரிவது இதனால்தான். அசைவு சீராக இருக்க வேண்டுமென்றால் தொடும் கணத்தை ஒட்டி நெருங்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும். `k`-ஐ நேர்கோட்டில் ஏற்றினால் துள்ளல் நிச்சயம்.

கதிர் பரப்பைத் துளைக்குமா என்ற கேள்விக்கு வருவோம். இருபடி வடிவத்தின் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. ஒரு புள்ளியில் சார்பு எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் காட்டுவது அதன் சாய்வுத் திசையன். உண்மையான தூரச் சார்புக்கு இதன் நீளம் 1. இருபடி மென்சேர்ப்பை வகையிட்டுப் பார்த்தால், அதன் சாய்வு இரண்டு உருவங்களின் சாய்வுகளையும் எடைபோட்டுக் கலந்த சராசரியாக வருகிறது. எடைகள் இரண்டும் எதிர்மமாவதில்லை. அவற்றின் கூட்டுத்தொகை எப்போதும் 1. நீளம் 1 உள்ள இரண்டு திசையன்களை அப்படிக் கலந்தால் கிடைப்பது ஒருபோதும் 1-ஐத் தாண்டாது. ஆகவே சார்பு தூரத்தைக் கூட்டிச் சொல்ல வழியே இல்லை. மென்சேர்ப்பால்தான் ஓட்டை விழுந்தது என்று பலர் அதன்மீது பழிபோட்டு, எல்லா அடிகளையும் பாதியாக்கிவிடுகிறார்கள். ஓட்டைக்குக் காரணம் பெரும்பாலும் அதற்கு முன்னோ பின்னோ சேர்த்த வேறொன்று: பரப்பில் `sin` கொண்டு உண்டாக்கிய நெளிவு, ஓர் அச்சில் மட்டும் இழுத்த அளவுமாற்றம், அல்லது இடத்துக்கு இடம் மாறும் `k`. கடைசியாகச் சொன்னது கவனத்தில் நிற்க வேண்டும். `k` ஒரு மாறிலியாக இருக்கும்வரைதான் மேலே சொன்ன சான்று செல்லும். வால்நுனியில் சிறிய `k`, வயிற்றில் பெரிய `k` என்று இடத்தைப் பொறுத்து மாற்றினால், `k` ஏறும் வேகத்தின் கால் பங்கு வரை சாய்வில் கூடுதலாகச் சேரலாம். மெதுவாக மாற்றினால் கேடில்லை.

பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் அதற்கு விலையும் இருக்கிறது. நடுப்புள்ளியில் ஒரு கோளத்தின் சாய்வு வலப்பக்கம் பார்க்கிறது, மற்றதன் சாய்வு இடப்பக்கம் பார்க்கிறது. இரண்டையும் பாதிப்பாதி கலந்தால் பூச்சியம். அந்த இடத்தில் சார்பு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. மேலே சொன்ன கோளங்களில் `k`-ஐ 1.9 ஆக வைத்தால் நடுவில் மதிப்பு 0.025. பரப்போ உண்மையில் அங்கிருந்து 0.218 அலகு தள்ளி இருக்கிறது. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு குறைத்துச் சொல்கிறது சார்பு. அந்தச் சந்து வழியாகப் போகும் கதிர் நீண்ட அடி வைக்க வேண்டிய இடத்தில் ஊர்ந்து செல்கிறது. அடிகளுக்கு 64 அல்லது 100 என்று உச்சவரம்பு வைத்திருந்தால், சந்தைக் கடந்து பின்னணியை அடைவதற்குள் கணக்குத் தீர்ந்துபோகலாம். அப்போது கதிர் நின்ற இடத்தையே பரப்பு என்று வரையும் ஷேடரில், இடைவெளியில் இல்லாத ஒரு சவ்வு தோன்றும்.

இதைக் கண்டுபிடிக்க மிக நல்ல வழி, உருவத்தை வரைவதற்குப் பதிலாக ஒவ்வொரு பிக்சலும் எத்தனை அடி எடுத்தது என்பதை நிறமாக வரைவது:

```glsl
fragColor = vec4(vec3(float(steps) / 100.0), 1.0);
```

உருவத்தின் விளிம்புகள் எப்போதுமே வெளிறித் தெரியும். பரப்பை உரசிப் போகும் கதிர்கள் அங்கே தாமதிக்கும். கவலைப்பட வேண்டியது இரண்டு உருவங்களுக்கு நடுவே தெரியும் வெண்படலத்துக்கு. வரம்பை ஏற்றியதும் சவ்வு மறைந்தால் காரணம் அடிப் பற்றாக்குறை. மறையாமல் அப்படியே இருந்தால் அது உண்மையான இணைப்பு. `k`-ஐத்தான் குறைக்க வேண்டும்.

இருபடி வடிவத்துக்கு அழகியலில் ஒரு குறை உண்டு. கலப்பு தொடங்கும் எல்லையில், அதாவது தூர வித்தியாசம் சரியாக `k` ஆகும் இடத்தில், சாய்வு முறியாமல் தொடர்கிறது. ஆனால் வளைவு திடீரென்று மாறுகிறது. மங்கலான, மண்ணால் செய்ததுபோன்ற பரப்பில் இது கண்ணுக்குப் படாது. பளபளப்பான பரப்பில், அதிலும் சூழலைப் பிரதிபலிக்கும் பரப்பில், பிரதிபலிப்புக் கோடுகள் அந்த எல்லையில் ஒடிந்து தெரியும். அதற்கு முப்படி வடிவம் இருக்கிறது. கழிக்கும் பகுதியை `h*h*h*k/6.0` என்று மாற்றினால் வளைவும் தொடர்ச்சியாகிவிடும். கூடுதல் செலவு ஒரு பெருக்கல்தான். ஆனால் நடுவில் கழிக்கப்படுவது இப்போது `k`-இன் ஆறில் ஒரு பங்கு. அதே `k`-ஐ வைத்தால் சதை குறைந்து தெரியும். முன்பிருந்த கனம் வேண்டுமானால் `k`-ஐ ஒன்றரை மடங்காக்க வேண்டும். குய்லெஸ் பின்னாளில் தம் வடிவங்களில் `k`-ஐ 4 அல்லது 6 ஆல் பெருக்கி, எந்த வடிவமானாலும் `k` என்பது நேரடியாகத் தடிப்பின் அளவாக இருக்கும்படி மாற்றி எழுதினார். பழைய வடிவத்தையும் புதியதையும் அறியாமல் கலந்து எழுதினால் உருவம் ஊதிவிடும் அல்லது சுருங்கிவிடும். பிறர் ஷேடரிலிருந்து ஒரு `smin`-ஐ எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெருக்கல் இருக்கிறதா என்பதைத்தான்.

இருபடியும் முப்படியும் ஒரே சங்கடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. மூன்று உருவங்களைச் சேர்த்தால், எந்த வரிசையில் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஒரு புள்ளியில் மூன்று தூரங்கள் 0, 0, 0.5 என்றும் `k` 1 என்றும் கொள்வோம். முதல் இரண்டைச் சேர்த்து, பிறகு மூன்றாவதைச் சேர்த்தால் −0.266. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து, பிறகு முதலாவதைச் சேர்த்தால் −0.282. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் பத்துப் பதினைந்து கோளங்களைச் சுழற்சியில் சேர்த்து அசைக்கும் ஒரு குமிழிக் கூட்டத்தில், வரிசை இடையில் மாறினால் பரப்பு ஒரு நொடி துடிக்கும். இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டிய உயிரினத்தில் இடக்கை ஒருவிதமாகவும் வலக்கை ஒருவிதமாகவும் ஒட்டியிருக்கும்.

இந்தச் சங்கடம் இல்லாதது அடுக்குக்குறி வடிவம்:

```glsl
float sminE(float a, float b, float k) {
    float m = min(a, b);
    return m - k*log2(exp2((m-a)/k) + exp2((m-b)/k));
}
```

இதில் எத்தனை உருவங்களையும் எந்த வரிசையிலும் கூட்டலாம். கடைசியில் ஒரே ஒரு மடக்கை எடுத்தால் போதும். கூர்ந்து பார்த்தால் இது பிளினின் 1982ஆம் ஆண்டு யோசனையின் மறுபிறவி. ஒவ்வோர் உருவத்துக்கும் தேய்ந்துபோகும் ஓர் அடுக்குச் சார்பு, அவற்றின் கூட்டல். கடைசியில் எடுக்கும் மடக்கைதான் புதிது. அதுவே கூட்டுத்தொகையை மறுபடி தூரத்தின் அலகுக்குக் கொண்டுவந்து கோளநடைக்குத் தகுதியாக்குகிறது. சாய்வு எடைபோட்ட சராசரி என்ற பண்பும் இதற்கு உண்டு.

மேலே உள்ள நிரலில் சிறிய மதிப்பான `m`-ஐக் கழித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கழிக்காமல் `exp2(-a/k)` என்று நேராக எழுதும் வடிவம் பல ஷேடர்களில் புழங்குகிறது. `k` 0.1 என்றும் உருவம் 13 அலகு தூரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கணக்கிட வேண்டியது 2-இன் −130ஆம் அடுக்கு. 32 பிட் எண்ணில் −126ஆம் அடுக்குக்குக் கீழே போனதைப் பல ஜிபியுக்கள் பூச்சியமாக்கிவிடும். பூச்சியத்துக்கு மடக்கை கிடையாது. விடையாகப் பெரும்பாலும் முடிவிலி வந்து, கதிர் ஒரே அடியில் உருவத்தைத் தாண்டிப் பறந்துவிடும். கேமராவைப் பின்னே இழுக்கும்போது உருவம் திடீரென்று காணாமல் போனால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். `m`-ஐக் கழித்தால் இரண்டு அடுக்குகளில் ஒன்று எப்போதும் 1 ஆகிவிடும். மடக்கைக்குப் பூச்சியம் போகாது.

அடுக்குக்குறி வடிவம் கணிதத்தில் அழகானது என்றாலும் ஷேடர்டாயில் பல்லுறுப்பு வடிவமே கோலோச்சுகிறது. பழைய காரணம்தான்: எல்லை. இருபடி வடிவத்தில் ஓர் உறுப்பின் தூரம், இதுவரை கிடைத்த தூரத்தைவிட `k` அளவுக்கு மேல் அதிகமென்றால் அது விடையைத் தொடவே தொடாது. அந்த உறுப்பின் விரிவான கணக்கைத் தவிர்த்துவிடலாம். அடுக்குக்குறி வடிவத்தில் தொலைவில் உள்ள ஒவ்வொன்றும் சிறிதளவாவது பங்களிக்கும். 1986-இல் வைவில் குழு பார்த்த அதே கணக்கு இது. சில உறுப்புகளே உள்ள குமிழிக் கூட்டத்துக்கு அடுக்குக்குறியும், தலை, உடல், கால் என்று கட்டமைப்புள்ள உயிரினத்துக்கு இருபடியும் பொருந்தும் என்பது என் முடிவு.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான, ஆழமான குறை ஒன்று உண்டு. மென்சேர்ப்புக்கு உடற்கூறு தெரியாது; அருகாமை மட்டும்தான் தெரியும். 0.1 அலகு இடைவெளியில் இணையாக நீட்டிய இரண்டு விரல்களை உள்ளங்கையோடு இழைக்க `k`-ஐ 0.3 என்று வைத்தால், விரல்களுக்கு நடுவே மதிப்பு 0.05 − 0.075, அதாவது எதிர்மம். விரல்கள் நுனிவரை வாத்தின் பாதம்போல் ஒட்டிவிடும். இடைவெளியின் இருமடங்கு விதிப்படி `k` 0.2-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் அந்த அளவில் உள்ளங்கை இணைப்பு விறைப்பாகத் தெரியலாம். நடைமுறையில் செய்வது, ஒவ்வொரு விரலையும் தனித்தனியே உள்ளங்கையோடு மென்சேர்ப்புச் செய்து, வந்த விடைகளைச் சாதாரண `min` கொண்டு இணைப்பது. விரல்கள் பிரிந்து நிற்கும். பதிலுக்கு விரலடிகள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய மடிப்பு வரும். கைக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது. ஜெல்லி மீனுக்குப் பொருந்தாது.

இதே குறையின் மறுமுகம் வீக்கம். ஒரே உருவத்தை அதனோடே மென்சேர்ப்புச் செய்தால் அது மாறாமல் இருக்க வேண்டும். ஆனால் `k` 0.4 என்றால் 1 அலகுக் கோளம் 1.1 ஆகிவிடும். உட்கார்ந்திருக்கும் உயிரினத்தின் தொடை வயிற்றோடு ஒட்டிப் படிந்திருக்கும் இடத்தில், இரண்டு பரப்புகளும் ஒரே திசையை நோக்கி நெருங்கி ஓடும். அங்கே காரணமில்லாமல் புடைப்பு தோன்றும். உறுப்பின் ஆரத்தை முன்கூட்டியே k/4 குறைப்பது பலரும் செய்யும் வைத்தியம். அது படிந்த இடத்தைச் சரிசெய்யும். படியாத இடங்களை மெலியவைக்கும்.

2013-இல் குர்மெல், பார்த், கானி, பிரையன் வைவில் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு வேறு வழி சொன்னது. கலக்க வேண்டுமா என்பதைத் தூரம் மட்டும் தீர்மானிக்காமல், இரண்டு பரப்புகளின் சாய்வுகளுக்கிடையிலான கோணமும் தீர்மானிக்கட்டும் என்பது அதன் சாரம். இரண்டு விரல்களுக்கு நடுவே சாய்வுகள் நேரெதிர். படிந்த தொடையிலும் வயிற்றிலும் சாய்வுகள் ஒரே திசை. இரண்டிலும் கலப்பு வேண்டாம். விரல் உள்ளங்கையில் முளைக்கும் இடத்தில் சாய்வுகள் செங்கோணத்துக்கு அருகில் இருக்கும். அங்கே முழுக் கலப்பு வேண்டும். யோசனை மிகச் சரியானது. ஷேடரில் அதை அப்படியே கொண்டுவருவது கடினம். ஒவ்வோர் அடியிலும் இரண்டு உருவங்களின் சாய்வையும் கணக்கிட வேண்டும். கலப்பளவு இடத்துக்கு இடம் மாறுவதால் கதிர் துளைக்காது என்ற சான்றும் குலைந்துவிடும். இன்றைய நிலையில், முதன்மையான ஒன்றிரண்டு இணைப்புகளுக்கு மட்டும், சாய்வைச் சூத்திரமாகவே எழுத முடிகிற கோளம், உருண்டை முனைக் குழாய் போன்ற எளிய உறுப்புகளில் இதைப் பயன்படுத்துவது தகும்.

நிறத்துக்கும் இதே `h` உதவும். இருபடி வடிவத்தில் `h*h*0.5` என்ற மதிப்பைத் தூரத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்பினால், நெருங்கிய உருவத்தின் நிறத்தில் மற்றதன் நிறம் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கு அது தொடர்ச்சியான அளவாகிவிடும். சமதூரத்தில் சரிபாதி கலக்கும். பரப்பு இழைந்திருக்க நிறம் மட்டும் கத்தரித்ததுபோல் மாறும் உருவங்களை அடிக்கடி பார்க்க முடிகிறது. இந்த ஒரு வரி போதும் அதைத் தீர்க்க.

ஷேடர் எழுதத் தொடங்குகிறவர்கள் உயிரினம் ஏதும் செய்வதற்கு முன், மேலே சொன்ன இரண்டு கோளங்களை அடி எண்ணிக்கை நிறத்தோடு வரைந்து, `k`-ஐ 1.9-இலிருந்து 2.1 வரை மெல்ல நகர்த்திப் பாருங்கள். கழுத்து முளைப்பதையும் கதிர்கள் தாமதிப்பதையும் ஒரே படத்தில் பார்த்த பிறகு, உங்கள் உருவத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி `k` எழுதுங்கள்.